லண்டன் டாக்சி ஓட்டுநரின் மூளைக்குள் என்ன நடந்தது?

மாணவ மாணவியரே, மூளை மாறும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது எப்படித் தெரியும், யார் பார்த்தார்கள், எதை அளந்தார்கள் என்று இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அதற்கு நாம் லண்டனுக்குப் போக வேண்டும்.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட வண்டி ஓட்டும் உரிமம் மட்டும் போதாது. நகரின் மையத்தில் சேரிங் கிராஸ் என்ற இடம் இருக்கிறது. அதிலிருந்து ஆறு மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள், சுமார் 25,000 தெருக்கள் இருக்கின்றன. அத்தனையும் தலைக்குள் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தத் திரையரங்கு, எந்த ஹோட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெருக்களோ பல நூற்றாண்டுகளாகத் தம் போக்கில் வளைந்து கிளைத்தவை. அவற்றில் எந்த ஒழுங்கும் கிடையாது.

இந்தப் படிப்புக்கு ‘நாலெட்ஜ்’ என்று பெயர். படிப்பவர்கள் மொபெட்டின் கைப்பிடியில் வரைபடத்தைச் செருகிக்கொண்டு, மழையிலும் குளிரிலும் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். அடிப்படையாக 320 வழித்தடங்களைப் பழக வேண்டும். மேனர் ஹவுஸ் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை போவதுதான் காலங்காலமாக முதல் பாடம். பிறகு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் இரண்டு இடங்களின் பெயரை மட்டும் சொல்வார். எதிரே இருப்பவர் வரைபடம் இல்லாமல், எந்தத் தெருவில் புறப்பட்டு எங்கே இடப்பக்கம், எங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று தெருப் பெயர்களை வரிசையாகச் சொல்லியே போய்ச் சேர வேண்டும். ஒரே தேர்வோடு இது முடியாது. மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லாம் தேறி வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பாதியில் விட்டுவிடுகிறவர்களும் நிறையப் பேர்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எலினார் மெக்வயர் என்ற நரம்பியல் அறிஞர் இருந்தார். நம் நினைவுகள் எப்படி உருவாகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மூளையின் இரு பக்கமும், காதுகளுக்கு நேர் உள்ளே ஆழத்தில், ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. புதிய நினைவுகளைப் பதிக்கவும், இடங்களையும் வழிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளவும் அது வேண்டும். இத்தனை தெருக்களைச் சுமப்பவர்களுக்கு அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று அவர் பார்க்க நினைத்தார்.

16 டாக்சி ஓட்டுநர்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்து, டாக்சி ஓட்டாத 50 பேரின் படங்களோடு அவருடைய குழு ஒப்பிட்டது. 2000ஆம் ஆண்டு முடிவு வெளியானது. ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது, முன்பகுதி சிறிதாக இருந்தது. அதிக ஆண்டுகள் டாக்சி ஓட்டியவர்களிடம் இந்த வேறுபாடும் அதிகமாகத் தெரிந்தது.

இங்கே நீங்கள் கை தூக்கி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூடைப்பந்து அணியில் எல்லோரும் உயரமாக இருக்கிறார்கள். பந்து விளையாடியதால் வளர்ந்தார்களா, உயரமாக இருந்ததால் அணியில் சேர்த்தார்களா? டாக்சி ஓட்டுநர்களிடமும் இதையே கேட்கலாம். பிறவியிலேயே பின்பகுதி பெரிதாக அமைந்தவர்கள் மட்டும் இந்தக் கடினமான தேர்வில் தேறியிருக்கலாம் அல்லவா? ஒரே ஒருமுறை எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் எடுத்த படம் வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான்.

மெக்வயரும் அவருடன் பணியாற்றிய கேத்ரின் வூலட்டும் அதைத்தான் செய்தார்கள். நாலெட்ஜ் படிக்கத் தொடங்கிய 79 பேரையும், அதைப் படிக்காத 31 பேரையும் தொடக்கத்திலேயே படம் எடுத்துவைத்தார்கள். நினைவாற்றல் சோதனைகளும் வைத்தார்கள். அன்று இரு குழுவுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. பிறகு மூன்று, நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். படித்தவர்களில் 39 பேர் தேறினார்கள். தேறாதவர்களில் 20 பேர் மறுபடி வந்து படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

2011இல் வெளியான முடிவு இது: தேறிய 39 பேருக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி, முன்பு இருந்ததைவிடச் சராசரியாக வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு வளரவில்லை. இதைப் படிக்காமல் இருந்தவர்களுக்கும் வளரவில்லை. இவர்கள் யாரும் சிறு பிள்ளைகள் அல்லர், வளர்ந்து முடிந்த பெரியவர்கள். பயிற்சிக்கு ஏற்ப மூளை தன் அமைப்பையே மாற்றிக்கொள்ளும் இந்தத் தன்மையைத்தான் மூளையின் நெகிழ்திறன் என்கிறோம்.

தேறியவர்களும் தேறாதவர்களும் எதில் வேறுபட்டார்கள்? தேறியவர்கள் வாரத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 34 மணி நேரம் பயிற்சி செய்திருந்தார்கள். தேறாதவர்கள் செய்தது அதில் பாதிதான். அப்படியானால் உழைப்பு மட்டும்தான் காரணமா? அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எளிதில் மாறக்கூடிய மூளை சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கவும் கூடும் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வெறுமனே வண்டி ஓட்டுவதால் இந்த மாற்றம் வந்துவிடுமா என்றும் பார்த்தார்கள். லண்டன் பேருந்து ஓட்டுநர்களும் அதே நெரிசலில், அதே அளவு காலம் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டது, தினமும் அதே தடம். டாக்சி ஓட்டுநர்களிடம் கண்ட மாற்றம் அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு பயணிக்கும் புதிதாக ஒரு வழியை மனத்துக்குள் அமைப்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று இதிலிருந்து கருதலாம்.

மண்டைக்குள் உண்மையில் எது வளர்ந்தது? நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு செல் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். இரண்டு செல்கள் அடிக்கடி சேர்ந்து வேலை செய்தால், அவற்றுக்கிடையே உள்ள சினாப்ஸ் வலுவாகும். செல்லின் கிளைகளில் புதிய சினாப்ஸ்களும் தோன்றும். பயன்படாதவை மெலிந்து மறையும். விலங்குகளின் மூளையை நுண்ணோக்கியில் வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு பகுதியின் அளவு மட்டும்தான் தெரியும். லண்டன் ஓட்டுநர்களுக்குப் பெருகியது சினாப்ஸ்களா, செல்களின் கிளைகளா, செல்களைத் தாங்கும் துணைச் செல்களா என்பதை அந்தப் படம் காட்டாது.

இந்த வளர்ச்சி இலவசமாகவும் வரவில்லை. கோடுகள் நிறைந்த சிக்கலான ஒரு படத்தைக் காட்டி வரையச் சொல்லி, சிறிது நேரம் கழித்து அதை நினைவிலிருந்து வரையச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. தேறிய ஓட்டுநர்கள் அதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். தெருக்களில் அத்தனை தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பொதுவாக எல்லா நினைவும் கூடிவிடவில்லை. ஒரு பயிற்சி செய்தால் எல்லாப் பாடத்திலும் மூளை கூர்மையாகும் என்று யாராவது விளம்பரம் செய்தால், இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்களையும் மெக்வயரின் குழு சோதித்தது. இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி சிறிதாக இருந்தது. லண்டன் தெருக்களில் வழி சொல்வதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் மிகச் சிலரே. அதனால் இதை முடிந்த முடிவாக எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியால் வந்த மாற்றம் பயிற்சி நின்றால் குறையலாம் என்பதற்கான ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.