எண்ணெய் பாட்டில் எத்தனை விநாடி தெரிந்தது?

சமையல் நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்க்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் பாட்டில், லேபிள் நம்மைப் பார்த்தபடி நிற்கும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த லேபிள் மட்டும் திரும்பாது. ஸ்பான்சரின் பாட்டில் அது!

அந்த பாட்டில் அங்கே நிற்பதற்குப் பணம் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்கள் பொருள் எத்தனை முறை தெரிந்தது, மொத்தம் எத்தனை விநாடி?" என்று கணக்கு கேட்பார்கள். இதற்குப் பெயர் ஸ்பான்சர் ரிப்போர்ட். முன்பெல்லாம் யாராவது ஒருவர் ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக உட்கார்ந்து எண்ண வேண்டும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடுகிறார்கள். அதில் என்னென்ன வில்லங்கம் வருகிறது என்பதை, சாலிகிராமத்தில் வீடியோ எடிட்டராக இருக்கும் ஒரு தம்பியின் அறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் கையில் இருந்தது பத்து எபிசோட் கொண்ட ஒரு சமையல் போட்டி. ஸ்பான்சர், ஒரு நல்லெண்ணெய் கம்பெனி. ஒப்பந்தத்தில் ஒரு வரி: ஒவ்வொரு எபிசோடிலும் பாட்டில் குறைந்தது 90 விநாடி தெரிய வேண்டும். குறைந்தால் கடைசித் தவணையில் பிடித்தம்.

"ஒரு எபிசோட் 22 நிமிஷம்க்கா. நிறுத்தி நிறுத்தி எண்ணினா ரெண்டு மணி நேரம் ஆகும். பத்து எபிசோடுக்கு இருபது மணி நேரம். அதுக்கு யார் சம்பளம் தருவா?" என்றார்.

வீடியோ என்பது அடுக்கடுக்கான படங்கள்தானே? இந்த நிகழ்ச்சியில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். 22 நிமிடத்துக்கு 33,000. அத்தனையையும் பார்க்க அவசியமில்லை என்று விநாடிக்கு 5 படம் மட்டும் எடுத்துக்கொண்டார். 6,600 படங்கள் ஆயிற்று. ஒவ்வொரு படத்தையும் 'யோலோ' என்ற மென்பொருளிடம் கொடுத்தார். 2015-ல் ஜோசஃப் ரெட்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது இது. 'ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாய்' என்ற அர்த்தம் வரும் ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம்தான் பெயர். படத்தை ஒரே பார்வையில் பார்த்து, இங்கே ஒரு நாற்காலி, அங்கே ஒரு பூனை என்று சொல்லி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடும். பக்கத்திலேயே பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு எண்ணும் தரும். தன் பதிலில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைச் சொல்கிற எண் அது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் யோலோவுக்கு ஏற்கெனவே 80 வகைப் பொருள்கள் தெரியும். அதில் 'பாட்டில்' உண்டு. தம்பி அதையே ஓட்டினார். நான்காவது எபிசோடில் 2,140 படங்களில் பாட்டில் இருப்பதாகச் சொன்னது. விநாடிக்கு 5 படம் என்றால் 428 விநாடி. ஏழு நிமிடத்துக்கும் மேல்! தயாரிப்பாளர் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

சந்தேகம் வந்தது தம்பிக்குத்தான். அந்த 2,140-ல் கண்ணை மூடிக்கொண்டு 50 படங்களை எடுத்து விரித்துப் பார்த்தார். ஸ்பான்சரின் பாட்டில் இருந்தது 19-ல் மட்டும். மற்றதெல்லாம் தண்ணீர் பாட்டில், வினிகர், பின் அலமாரியில் இருந்த சாஸ். யோலோவைக் குறை சொல்ல முடியாது. அதற்கு பாட்டில் தெரியும், நல்லெண்ணெய் தெரியாது. நாம் கேட்டது ஒன்று, அது பதில் சொன்னது வேறொன்று.

அதனால் அந்த ஒரு பாட்டிலை மட்டும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் மூன்று எபிசோடுகளிலிருந்து 600 படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாட்டிலைச் சுற்றி மவுஸால் கட்டம் வரைந்தார். தம்பியின் மனைவியும் உட்கார்ந்து 200 படங்களுக்குக் கட்டம் போட்டிருக்கிறார். "வடாம் பிழியிற மாதிரிதான், கை தன்னால போகும்" என்றார் அவர். இவற்றோடு, ஸ்பான்சரின் பாட்டிலே இல்லாத 150 படங்களையும் சேர்த்தார்கள். தண்ணீர் பாட்டில், வினிகர் பாட்டில் எல்லாம் இருக்கும் படங்கள், கட்டம் எதுவும் இல்லாமல். இது இல்லை என்பதையும் காட்டினால்தானே அது எது என்று புரியும்?

கற்றுக்கொடுத்த பிறகு பரீட்சை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாடம் நடத்திய படங்களிலேயே பரீட்சையும் வைத்தால் எந்தப் பிள்ளையும் நூற்றுக்கு நூறு வாங்கும். வீடியோவில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அடுத்தடுத்த இரண்டு படங்கள் கிட்டத்தட்ட ஒரே படம்தான். ஒன்றைப் பாடத்துக்கும் மற்றதைப் பரீட்சைக்கும் வைத்தால், கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்த கதை. அதனால் தம்பி பரீட்சைக்கு நான்காவது எபிசோடை எடுத்துக்கொண்டார். ஸ்டாப்வாட்ச்சோடு தானே முழுக்கப் பார்த்து, பாட்டில் தெரிந்தது 131 விநாடி என்று குறித்தார். பிறகு கம்ப்யூட்டரை ஓட்டினார். அது சொன்னது 118.

பரவாயில்லை, பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு மொத்தங்களை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். அந்த 118-ல் 112 விநாடிதான் உண்மையான பாட்டில். 4 விநாடி, அதே மஞ்சள் மூடி போட்ட வேறொரு பாட்டில். 2 விநாடி, எவர்சில்வர் அண்டாவில் தெரிந்த பிரதிபலிப்பு! இன்னொரு பக்கம், நிஜமாகவே தெரிந்த 19 விநாடிகளைக் கோட்டை விட்டிருந்தது. தப்பாகச் சேர்த்தது எவ்வளவு, தவறவிட்டது எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துவிடும்.

தவறவிட்ட 19 விநாடிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதில் 11 விநாடி, போட்டியாளர் பாட்டிலைச் சாய்த்து வாணலியில் எண்ணெய் ஊற்றும் குளோசப். ஸ்பான்சர் ஆசை ஆசையாகக் காத்திருக்கிற ஷாட்டே அதுதானே! கற்றுக்கொடுத்த படங்களில் பாட்டில் பெரும்பாலும் நேராக நின்றது. சாய்ந்து, பாதி கைக்குள் மறைந்த பாட்டிலை அது பார்த்ததே இல்லை. ஊற்றும் காட்சிகளிலிருந்து இன்னும் 120 படங்களுக்குக் கட்டம் போட்டு மறுபடி கற்றுக்கொடுத்தார். நான்காவது எபிசோடைப் பார்த்துத்தான் திருத்தினார் என்பதால், அடுத்த பரீட்சை ஐந்தாவது எபிசோடில். கையால் எண்ணியது 118 விநாடி. கம்ப்யூட்டர் சொன்னது 113, அதில் 110 சரி. 3 விநாடி தப்பு, 8 விநாடி விட்டுப்போயிற்று. இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம் என்று அங்கே நிறுத்திக்கொண்டார்.

விநாடிக் கணக்கு இப்படி முடிந்தது. 'எத்தனை முறை' என்ற கணக்கு வேறு ரகத் தலைவலி.

ஒரே பாட்டில் மேஜையில் அசையாமல் நிற்கிறது. ஆவி ஒரு கணம் மறைக்கிறது, கட்டம் காணாமல் போகிறது. ஆவி விலகியதும் கட்டம் திரும்ப வருகிறது. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு முறை. இப்படியே போய் ஐந்தாவது எபிசோடில் 87 முறை என்று வந்தது. தம்பி கண்ணால் எண்ணியது 24. அதனால் ஒரு விதி வைத்தார்: இடைவெளி ஒரு விநாடிக்குள் இருந்தால் ஒரே முறை, மொத்தமே ஒரு விநாடிகூடத் தெரியாவிட்டால் கணக்கில்லை. 87 என்பது 26 ஆயிற்று. மீதி இரண்டு? நடுவர் ஒருவர் இரண்டு இடங்களில் கேமராவுக்குக் குறுக்கே மெதுவாக நடந்துபோகிறார். இடைவெளியை இரண்டு விநாடி என்று மாற்றினால் அது சரியாகும். ஆனால் கேமரா சட்டென்று போட்டியாளர் முகத்துக்குப் போய்த் திரும்பும் இடங்கள் ஒன்றாகிவிடும். எது சரி என்று எந்த மென்பொருளும் சொல்லாது. விதியை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவதுதான் வழி. கேட்டால், ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.

இன்னொரு விதியும் எழுதினார். திரையில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சின்னதாகத் தெரியும் பாட்டிலை எண்ணுவதில்லை. யோலோவை வழக்கமான அமைப்பில் ஓட்டினால், 1920 புள்ளி அகலமுள்ள படத்தை 640-க்குச் சுருக்கித்தான் பார்க்கும். பின் அலமாரியில் 60 புள்ளி அகலத்தில் நிற்கும் பாட்டில் அதற்கு 20 புள்ளிதான். லேபிள் வெறும் கறையாகத் தெரியும். அதற்கு மேல் அது சொல்வது குத்துமதிப்பு. நம் கண்ணுக்குமே அந்தத் தூரத்தில் பிராண்ட் தெரியாது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏழாவது எபிசோட் வந்தது. கம்ப்யூட்டர் சொன்னது 71 விநாடி. வேண்டியது 90. தயாரிப்பாளருக்கு முகம் மாறிவிட்டது. அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், நம்பிக்கை எண்ணை இறக்கினால் கணக்கு ஏறும் என்று. உண்மைதான். தம்பி அதுவரை 0.5-க்கு மேல் இருந்தால் மட்டும் பாட்டில் என்று எடுத்துக்கொண்டிருந்தார். 0.25-க்கு இறக்கினால் 96 விநாடி வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் பிடித்தம் இல்லை.

"அந்தக் கூடுதல் 25 விநாடியைத் தனியா வெட்டி எடுத்து அவர் முன்னாடியே போட்டுக் காட்டினேன்க்கா" என்றார் தம்பி. 15 விநாடி அலமாரியில் இருந்த வேறு பாட்டில். 6 விநாடி, தோளில் கிடந்த மஞ்சள் துண்டு! நிஜ பாட்டில் 4 விநாடிதான். "நாளைக்கு அவங்க ஆளு ஒருத்தர் இந்த எபிசோடைப் போட்டுப் பார்த்தா, துண்டுக்கெல்லாம் காசு வாங்கினீங்களான்னு கேட்பாரு சார். அப்புறம் மத்த ஒன்பது எபிசோடையும் நம்ப மாட்டாங்க."

கம்ப்யூட்டர் சிலதைத் தவறவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லைக்கோட்டில் நிற்கும் எபிசோடை மெஷினிடம் விடக்கூடாது என்று ஏழாவதை மட்டும் ஸ்டாப்வாட்ச்சோடு முழுக்கப் பார்த்தார். 76 விநாடி வந்தது. ரிப்போர்ட்டில் அதைத்தான் போட்டார், 'கையால் சரிபார்த்தது' என்ற குறிப்போடு. விதிகள், ஐந்தாவது எபிசோடின் பரீட்சை முடிவு, ஒவ்வொரு முறைக்கும் நிமிடம்-விநாடி, கூடவே கட்டம் போட்ட ஒரு படம் எல்லாம் அதில் இருந்தது.

நான் போன அன்று ஸ்பான்சர் தரப்பிலிருந்து பதில் வந்திருந்தது. பிடித்தம் வேண்டாம், குறைந்த 14 விநாடியை இறுதிப் போட்டியில் சேர்த்துக் கொடுங்கள் என்று. இறுதிப் போட்டி இன்னும் எடிட்டிங்கில்தான் இருந்தது. தம்பி எண்ணெய் ஊற்றும் ஷாட்களைத் தேடிக்கொண்டிருந்தார்.