வாசல்வரை ஒரு முன்னோட்டம்

நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினாலும், மையத்தின் கதவை 1.30-க்கே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அனுமதி இல்லை. அதனால் முதல் நாளே மையத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

போகும்போது ஹால் டிக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகளோ, ஒரே பள்ளிக்கு இரண்டு வளாகங்களோ இருக்கலாம். அச்சிட்ட முகவரியையும் பின்கோடையும் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசி வரைபடம் சில சமயம் பின்பக்கச் சந்தில் கொண்டுபோய் விடும். தேர்வர்களை எந்த வாசல் வழியாக விடுவார்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரச் சொன்ன நேரம் 11.30. ஒத்திகையில் பேருந்துக்கு 75 நிமிடம், ஷேர் ஆட்டோவுக்கு 15, நடைக்கு 10 ஆனது. தாமதத்துக்கென்று 30 நிமிடம் சேர்த்தால் 130. ஆக, 9.20-க்குப் பேருந்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. நீட் பெரும்பாலும் ஞாயிறன்று வரும். ஒத்திகை பார்ப்பதோ சனிக்கிழமை. ஞாயிறன்று அந்தப் பேருந்து ஓடுமா என்று பேருந்து நிலைய டைம் கீப்பரிடம் கேட்டுவிடுங்கள். தேர்வன்று பெற்றோரின் வாகனங்களால் பள்ளித் தெரு அடைத்துக்கொள்ளும். பெரிய சாலையிலேயே இறங்கி நடப்பதுதான் வேகம்.