மொத்த அலுவலகமும் பிழை தேடும் இரண்டு மணி நேரம்

புதிய செயலியை வெளியிடுவதற்கு முன், வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு நிறுவனமே அதில் பிழை தேடுவதற்கு 'பக் பேஷ்' என்று பெயர். டெஸ்டர்களோடு கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் உட்காரும். வாடிக்கையாளர்களின் புகாரைத் தினமும் காதில் வாங்கும் கஸ்டமர் கேர் ஊழியர்களைக் கட்டாயம் அழைக்க வேண்டும். ஜனங்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பஸ் டிக்கெட் முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னால் எல்லோரும் முதல் திரையையே மேய்வார்கள். 'இருக்கை தேர்வு முதல் பணம் திரும்பப் பெறுவது வரை' என்று எல்லை வகுத்து, ஆளுக்கொரு பாதையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சோதனை சர்வர், போலி அட்டை எண்கள், ஏற்கெனவே தெரிந்த பிழைகளின் பட்டியல் ஆகியவை முந்தைய நாளே கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் செயலியின் பதிப்பை மாற்றவே கூடாது. நடுவில் மாற்றினால் எந்தப் புகார் எதைப் பற்றியது என்றே தெரியாமல் போய்விடும்.

பலர் கோட்டை விடுவது மதிப்பெண்ணில். புகாருக்கு ஒரு புள்ளி என்று அறிவித்தால் எழுத்துப்பிழையும் நிற வித்தியாசமும்தான் குவியும். ஒரே பிழையை மூன்றாக உடைத்து எழுதுவார்கள். சிறியதற்கு 1, ஒரு வசதி வேலை செய்யாவிட்டால் 3, பணமோ தகவலோ தொலைந்தால் 10 என்று வைப்பது நல்லது. புள்ளியை, பிழை உறுதியான பிறகே தர வேண்டும்.

உறுதி செய்யும் வேலை கடினமானது. 'பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை' என்கிறார் ஒருவர். 'நான் எடுத்த இருக்கை இன்னொருவருக்குப் போய்விட்டது' என்கிறார் மற்றொருவர். 'ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம் பிடித்தது' என்பது மூன்றாவது புகார். வெவ்வேறாகத் தெரியும் இவற்றின் நேரத்தையும் முன்பதிவு எண்ணையும் சர்வர் பதிவோடு ஒப்பிட்டால் மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று தெரியலாம்: பணம் செலுத்தும் திரையில் பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் இருக்கையின் பூட்டு திறந்துகொள்கிறது. மூன்றையும் ஒரே பிழையின் கீழ் சேர்க்க வேண்டும், ஆனால் எதையும் அழிக்கக் கூடாது. 10 புள்ளி முதலில் சொன்னவருக்கு. மீண்டும் செய்து பார்க்கும்படி படிப்படியாக எழுதியவருக்கும் 3 தரலாம் என்பது என் கருத்து. அவர் எழுதியது இல்லாமல் டெவலப்பரால் காரணத்தைப் பிடிக்க முடியாது.

இந்தப் பிரிப்பை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. நிகழ்ச்சி நடக்கும்போதே ஒரு டெஸ்டரும் ஒரு டெவலப்பரும் தனியே அமர்ந்து, வரும் புகார்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விவரம் போதாத புகாரை எழுதியவர் அப்போது பக்கத்து இருக்கையில் இருப்பார். அவருடைய போனிலேயே மீண்டும் செய்து பார்த்துவிடலாம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது அவருக்கே நினைவிருக்காது.