மலை ஏறியதும் அணைக்கலாமா?

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் ஐந்து பேர் ஏறினால், பாதி வழி இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியேதான் போக வேண்டும். வண்டி மெதுவாக ஊர்வதால் பானட்டுக்குள் காற்றோட்டமும் குறைவு. மேலே போனதும் ஓரங்கட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்கு நடப்பதுதான் பலரின் வழக்கம். டர்போவுக்குச் சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

டர்போவில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் சின்ன விசிறிச் சக்கரங்கள். ஒன்றை எக்ஸாஸ்ட் புகை சுழற்ற, மற்றது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொடும். இந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் பெரும்பாலும் குண்டுகள் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தில்தான் தண்டு மிதக்கிறது. சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதே ஆயில்தான்.

இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும். புகைப் பக்கத்துச் சூடு தண்டு வழியாகப் பேரிங்குக்கு இறங்கும். அதன் சூடு அணைத்த சில நிமிடங்கள் கழித்தும் ஏறிக்கொண்டே போகும். அங்கே தேங்கிய ஆயில் அடிப்பிடித்த பாலைப் போலக் கருகி ஒட்டும். பலமுறை இப்படி நடந்தால் ஆயில் வரும் மெல்லிய குழாய் கரியால் குறுகி, தண்டு உரசத் தொடங்கும்.

இன்றைய கார்கள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைக் கூலன்ட்டும் குளிர்விக்கிறது. சிலவற்றில் அணைத்த பிறகும் சிறு மின்பம்பு ஓடும். அதனால் ஊருக்குள் ஓட்டிவிட்டு வந்து காத்திருக்கத் தேவையில்லை. மலையேற்றத்துக்கும் நெடுஞ்சாலை விரட்டலுக்கும் பிறகுதான் கவனம் வேண்டும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே போதும். அதற்கு வழியில்லையென்றால் ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைக்கலாம். பத்து நிமிடம் விடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

ஆயிலில் சிக்கனம் பார்ப்பது இதைவிடப் பெரிய தவறு. சாதாரண மினரல் ஆயிலைவிட முழு சிந்தெடிக் ஆயில் கருகாமல் தாக்குப்பிடிக்கும். 5டபிள்யூ-30 போன்ற எண், ஏபிஐ எஸ்பி போன்ற தரம் எதுவாயினும் ஓனர் கையேட்டில் உள்ளதே சரி. 'வெயிலுக்குக் கெட்டியான ஆயில் நல்லது' என்று மெக்கானிக் சொன்னாலும், கையேடு அனுமதிக்காவிட்டால் வேண்டாம். மலைப்பயணமும் குறுந்தூர ஓட்டமும் அதிகம் என்றால் கையேட்டில் உள்ள கடின உபயோக அட்டவணைப்படி ஆயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை, அடிக்கடி இறங்கும் ஆயில் அளவு, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது புதிதாகக் கேட்கும் ஊளைச் சத்தம் ஆகியவை தெரிந்தால் டர்போவைக் காட்டிவிடுங்கள். டர்போவையே மாற்ற நேர்ந்தால் ஆயில் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கரி அடைத்த பழைய குழாயை அப்படியே விட்டால் புதிய டர்போவும் சீக்கிரம் போய்விடும்.