லிப்டுக்குப் பூட்டு! வாடகையில் ரூ.1,000 வெட்டு!

54 படிகளைக் கணக்குப் போட்டு ஜெயித்த குமாஸ்தா

சென்னை மேற்கு மாம்பலத்தில் நான்கு தளம் கொண்ட வீடு. தளத்துக்கு இரண்டு என்று எட்டுக் குடித்தனம். மூன்றாவது மாடியில் ஒரு கம்பெனி குமாஸ்தா, மனைவி, முழங்கால் வலிக்காரத் தாயாருடன் குடியிருக்கிறார். வாடகை ரூ.16,000. மெயின்டனன்ஸ் தனியாக ரூ.2,000.

"லிப்ட் இருக்கு, அம்மாவுக்குக் கவலையே வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பித்தான் வந்தார். அக்ரிமெண்டிலும் "லிப்ட் வசதியுடன்" என்று எழுதி வாங்கினார்.

ஆடி மாதத்தில் லிப்டுக்குப் பூட்டு விழுந்தது. கம்பி வடம் தேய்ந்துவிட்டதாம். சர்வீஸ் ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை.

"செலவு லட்சக்கணக்குல வருது தம்பி. படி இருக்குல்ல, ஏறிக்குங்க!" என்றார்.

தளத்துக்கு 18 படி. மூன்று மாடிக்கு 54. ஏறவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் தாயார் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

"வாடகையே தரமாட்டேன்!"

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்தது. லிப்ட் ஓடும்வரை வாடகையை நிறுத்துவது என்று முடிவு கட்டினார். நல்லவேளை, தெரிந்த வக்கீல் ஒருவர் தடுத்தார்.

"அந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க. ரெண்டு மாச பாக்கி விழுந்தா, லிப்ட் கேஸ் போயி காலி பண்ற கேஸ் ஆயிடும். வாடகையைத் தேதி தவறாம பாங்க் மூலமா கட்டுங்க. கட்டிக்கிட்டே கேளுங்க!"

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாத அத்தியாவசிய வசதிகளில் தண்ணீர், மின்சாரத்தோடு லிப்டும் பார்க்கிங்கும் சேர்த்தி. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, திரும்பத் தரும்படி உத்தரவு கேட்கலாம். அதற்கு அக்ரிமெண்ட் பதிவாகியிருக்க வேண்டும். குமாஸ்தாவின் அக்ரிமெண்ட் பதிவானது.

ஆனால் லிப்ட் நின்றால் வாடகையில் எத்தனை ரூபாய் குறையும் என்று சட்டத்தில் கணக்கு கிடையாது. அதைக் குடித்தனக்காரர்தான் நியாயமாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

போட்டார் கணக்கு!

முதலில் மெயின்டனன்ஸ். லிப்டின் கரண்ட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.6,400 என்று பழைய கணக்குத் தாளில் இருந்தது. எட்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு ரூ.800. லிப்டும் ஓடவில்லை, செலவும் இல்லை. பணம் மட்டும் வசூலாகிறது!

அடுத்தது வாடகை. அதே தெருவில் லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில், அதே அளவு வீடு ரூ.14,500-க்குப் போயிருந்தது. வித்தியாசம் ரூ.1,500.

இரண்டையும் ஒரே தாளில் எழுதினார். லிப்ட் நின்ற தேதி, பூட்டின் போட்டோ, அக்ரிமெண்டின் நகல் வைத்தார். "லிப்ட் மீண்டும் ஓடும் நாள்வரை மட்டும் குறைத்துக்கொள்ளும்படி கேட்கிறேன்" என்று முடித்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார்.

"வரை மட்டும்" என்ற அந்த வார்த்தைதான் வேலை செய்தது. நிரந்தரமாகக் குறை என்றால் எந்த வீட்டுக்காரரும் முறைப்பார்.

மூன்று நாள் ரிப்பேருக்கு இப்படிக் கேட்டால் எடுபடாது. தரைத்தளத்துக்காரர் கேட்டாலும் வாடகைக் குறைப்பு நிற்காது. மெயின்டனன்ஸ் பங்கை வேண்டுமானால் கேட்கலாம். பார்க்கிங் போனவருக்குக் கணக்கு இன்னும் சுலபம். பக்கத்தில் வண்டி விடக் கொடுக்கும் மாத வாடகை ரசீதே போதும்.

வீட்டுக்காரர் இறங்கினார்

கடிதம் கண்டதும் வீட்டுக்காரர் கத்தினார். "பிடிக்கலேன்னா காலி பண்ணுங்க!" என்றார்.

"காலி பண்றேன் சார். ஆனா வர்றவங்களும் லிப்ட் ஓடுதான்னு கேப்பாங்களே?" என்றார் குமாஸ்தா.

மறுவாரம் பேச்சு நடந்தது. மெயின்டனன்ஸில் ரூ.800 முழுசாகக் கழிந்தது. வாடகையில் கேட்டது ரூ.1,500, முடிந்தது ரூ.1,000. ஆக மாதம் ரூ.1,800. கடந்த இரண்டு மாதத்துக்கான ரூ.3,600 அடுத்த வாடகையில் கழிக்கப்பட்டது. எல்லாம் வாய்ப்பேச்சாக இல்லாமல், கையெழுத்துப் போட்ட தாளில்.

விஷயம் தெரிந்து மற்ற மாடிக்காரர்களும் தாள், பேனா எடுத்தார்கள். வீட்டுக்காரர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

கார்த்திகையில் லிப்ட் ஓடியது. பேசியபடி வாடகையும் பழைய ரூ.16,000-க்கு ஏறியது. குமாஸ்தா முணுமுணுக்காமல் கட்டினார்.

தாயார் அன்று சாயங்காலமே கீழே இறங்கி, கோவிலுக்குப் போய் வந்தார்.