மாநாட்டுக்குக் கட்டிய பணம்: அவர்களுடைய விதியைக் காட்டியே திரும்பக் கேட்பது எப்படி?

மலையகத்தில் இருந்து வெளிநாட்டு ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்புவோர் தொகை கூடி வருகிறது. ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் என்று பலர். கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிவுக் கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டியபின் வீசா கிடைக்காமல் போவதும் வழமை. வடக்கு, கிழக்கில் இருந்து விண்ணப்பிப்போருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. பயணம் நின்றுபோகும், கட்டிய பணமும் போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பணம் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு மாநாட்டின் கட்டணம் 225 அவுஸ்திரேலிய டொலர் என்று வைப்போம். கணக்குக்காக ஒரு டொலரை 200 ரூபாயாக எடுத்தால் 45,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி பார்த்தால், தோட்டத்தில் 33 நாட்கள் கொழுந்து பறித்த சம்பளம் அது. அப்படியே விட்டுவிடக்கூடிய தொகை அல்ல.

பெரும்பாலான மாநாடுகள் பதிவை இரத்துச் செய்வது பற்றிய விதிகளைத் தங்கள் இணையத்தளத்தில் எழுதி வைத்திருக்கின்றன. பணத்தைத் திரும்பப் பெறும் வழி அந்த விதிக்குள்தான் இருக்கிறது. நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் குடும்பக் கஷ்டமும் ஊர் நிலைமையும் பக்கக் கணக்கில் இருக்கும். எந்த விதியின் கீழ் எவ்வளவு கேட்கிறோம் என்பது மட்டும் இராது. கடிதத்தைத் திறக்கும் பதிவுப் பிரிவு அலுவலருக்கு விதியை மீறிப் பணம் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இல்லை. விதிப்படி கொடுக்க அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகவே அவர் விதிப்படி கொடுக்கக்கூடிய விதத்தில் நாம் கேட்க வேண்டும்.

விதியை எப்படி வாசிப்பது

ஓர் உதாரணத்தை எடுப்போம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், சிட்னியில் ஓகஸ்ட் 10ஆம் திகதி தொடங்கும் மாநாட்டுக்கு 225 டொலர் கட்டியிருக்கிறார். இவரும் மாநாடும் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. ஆனால் விதிகள் பல மாநாடுகளில் காணப்படும் மாதிரியானவை:

1. மாநாடு தொடங்க 60 நாட்களுக்கு முன்வரை இரத்துச் செய்தால், நிர்வாகச் செலவு 25 டொலர் கழித்து மீதி திருப்பித் தரப்படும்.
2. 30 நாட்களுக்கு முன்வரை இரத்துச் செய்தால் பாதிக் கட்டணம் தரப்படும். அதன்பின் எதுவும் இல்லை.
3. வீசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தை மாநாட்டுக்கு 14 நாட்களுக்கு முன் அனுப்புவோருக்கு 25 டொலர் கழித்து மீதி தரப்படும்.
4. இரத்துச் செய்யும் கோரிக்கை எழுத்தில் வர வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்த நாளே கணக்கில் எடுக்கப்படும்.

முதல் வேலை, "நாட்களுக்கு முன்" என்பதைத் திகதியாக மாற்றிக் கலண்டரில் குறிப்பது. ஓகஸ்ட் 10இலிருந்து பின்னோக்கி எண்ணினால், 60 நாள் எல்லை ஜூன் 11. 30 நாள் எல்லை ஜூலை 11. மறுப்புக் கடிதத்துக்கான எல்லை ஜூலை 27.

அடுத்தது நேரம். கோரிக்கை அவர்களுக்குக் கிடைத்த நாளே கணக்கு என்றால், அது பெரும்பாலும் சிட்னி நாள். ஜூலை மாதத்தில் சிட்னி நமக்கு நாலரை மணித்தியாலம் முன்னால் இருக்கும். அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே இரவு 7.30. கடைசி நாளன்று பாடசாலை முடிந்து, வீட்டு வேலை முடிந்து, இரவு 9 மணிக்குக் கடிதம் அனுப்பினால் அது அடுத்த நாள் கடிதம். பாதிப் பணமும் போய்விடும்.

வீசா முடிவு வராமலே இருந்தால்

இந்த ஆசிரியைக்கு ஜூலை 8 வரை வீசா முடிவு வரவில்லை. பலர் தடுமாறும் இடம் இதுதான். மூன்றாம் விதி மறுப்பைப் பற்றித்தான் பேசுகிறது, தாமதத்தைப் பற்றி அல்ல. இப்போதே இரத்துச் செய்தால் இரண்டாம் விதிப்படி பாதி, அதாவது 112.50 டொலர், 22,500 ரூபாய் கிடைக்கும். காத்திருந்து ஜூலை 27க்குள் மறுப்பு வந்தால் 200 டொலர், 40,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஜூலை 27 தாண்டியும் முடிவு வராவிட்டால் ஒரு சதமும் கிடைக்காது.

இந்த நிலையில் சும்மா காத்திருப்பதும், அவசரப்பட்டு இரத்துச் செய்வதும் ஒன்றுபோலவே தவறு. பாதிப் பணத்துக்கான எல்லை தாண்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கடிதம் இவ்வளவு போதும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே ஒழுங்கில் எழுதலாம்:

"பதிவு இலக்கம் இது. கட்டிய தொகை 225 டொலர், கட்டிய திகதி இது. உங்கள் இரத்து விதியின் 3ஆம் பந்தி, வீசா மறுக்கப்பட்டால் 25 டொலர் கழித்து மீதி தரப்படும் என்கிறது. எனது வீசா விண்ணப்பம் கிடைத்ததை உறுதிசெய்யும் கடிதத்தை இணைத்துள்ளேன். முடிவு இன்னும் வரவில்லை. ஜூலை 27க்குள் முடிவு வராவிட்டால் அதையும் 3ஆம் பந்தியின் கீழ் ஏற்பீர்களா? 2ஆம் பந்தியின் எல்லை ஜூலை 11 என்பதால், ஜூலை 10க்குள் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதம் கேள்வி மட்டுமே, இரத்துக் கோரிக்கை அல்ல. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து "ஏற்காவிட்டால் இரத்துச் செய்யுங்கள்" என்று எழுதினால், எந்த நாளில் இரத்துச் செய்யப்பட்டது என்பதில் பிறகு தகராறு வரும். ஏற்கிறோம் என்று பதில் வந்தால் காத்திருக்கலாம். பதில் வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், ஜூலை 11 பகலிலேயே "2ஆம் பந்தியின் கீழ் எனது பதிவை இன்று இரத்துச் செய்கிறேன், 112.50 டொலரைத் திருப்பித் தாருங்கள்" என்று தனிக் கடிதம் அனுப்ப வேண்டும். 22,500 ரூபாய் உறுதியாகும்.

நமது உதாரணத்தில், தாமதத்தையும் ஏற்பதாகப் பதில் வருகிறது. ஜூலை 21இல் வீசா மறுக்கப்படுகிறது. அன்றே மறுப்புக் கடிதத்தை இணைத்து, 3ஆம் பந்தியையும் அவர்களுடைய பதிலின் திகதியையும் குறிப்பிட்டு, 200 டொலரைக் கேட்கிறார். அந்த ஒரு கேள்விக் கடிதத்தின் பெறுமதி 17,500 ரூபாய், ஏறக்குறைய 13 நாள் சம்பளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிடைக்காது என்று தெரிந்துவிட்டது என நினைத்து வீசா விண்ணப்பத்தை நீங்களாகவே மீளப்பெறாதீர்கள். மீளப்பெற்றால் மறுப்புக் கடிதம் இராது. கடிதம் இல்லாவிட்டால் 3ஆம் பந்தியும் இல்லை.

ஏற்பாட்டாளர் வேறொன்றைத் தர முன்வந்தால்

சிலர் பணத்துக்குப் பதிலாக இணையவழியில் கலந்துகொள்ளச் சொல்வார்கள், அல்லது அடுத்த வருட மாநாட்டுக்குக் கணக்கு வைப்பதாகச் சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் "சரி, நன்றி" என்று பதில் எழுதினால் புதிய ஏற்பாட்டுக்கு உடன்பட்டதாகிவிடும், பணத்தைக் கேட்க முடியாது. கட்டுரை வெளிவருவது முக்கியம் என்றால் இணையவழி நல்ல தெரிவு. ஏனென்றால் பல மாநாடுகளில் ஓர் ஆசிரியராவது பதிவு செய்திருந்தால்தான் கட்டுரை தொகுப்பில் சேரும். பதிவை இரத்துச் செய்தால் கட்டுரையும் வெளியே போகும். இதனால் கட்டுரை எழுதியோரின் பதிவுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று தனி விதி வைத்திருக்கும் மாநாடுகளும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய வரி அது.

விதி நமக்குச் சாதகமாக இல்லாதபோது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகளால் வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அப்படியான நேரத்தில் எல்லைத் திகதி கடந்துபோனால் என்ன செய்வது? விதிகளில் இயற்கை அனர்த்தம் பற்றிய பந்தி இருக்கும். அதைக் கண்டு நம்பிக்கை வைக்குமுன் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று வாசிக்க வேண்டும். பெரும்பாலும் அது மாநாட்டை நடத்த முடியாமல்போன ஏற்பாட்டாளரைக் காப்பாற்றும் பந்தி. வரமுடியாமல்போன பங்குபற்றுனரை அல்ல.

மாநாட்டையே ஏற்பாட்டாளர் நிறுத்துவது வேறு விடயம். 2020 மார்ச்சில் டென்வர் நகரில் நடக்கவிருந்த அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் கூட்டம், கொரோனா காரணமாகத் தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தப்பட்டது. சங்கம் பதிவுக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தது. மாநாடு நடந்து, நாம் மட்டும் போக முடியாவிட்டால் அந்த உதாரணம் உதவாது. அப்போது உரிமையாகக் கேட்க முடியாது, விதிவிலக்காகத்தான் கேட்கலாம். "விதிப்படி எல்லை கடந்துவிட்டது என்பதை அறிவேன்" என்று தொடங்கி, தொடர்பு துண்டிக்கப்பட்ட நாட்களைக் குறிப்பிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையோ கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையோ இணைக்கலாம். இங்கேதான் ஊர் நிலைமைக்கு இடமுண்டு.

ஒப்புக்கொண்டும் பணம் வராவிட்டால்

பணம் பொதுவாகக் கட்டிய அட்டைக்கே திரும்பும். கனடாவில் இருக்கும் மச்சானின் அட்டையால் கட்டியிருந்தால் அவருக்குத்தான் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாநாடு முடிந்த பிறகே பணம் அனுப்பும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. விதியில் சொன்ன காலம் கடந்தால் பழைய கடிதத்துக்குப் பதிலாகவே நினைவூட்டல் அனுப்புங்கள், முழு வரலாறும் ஒரே இடத்தில் இருக்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால், அட்டையை வழங்கிய வங்கியில் அந்தக் கொடுப்பனவை ஆட்சேபித்து முறையிடலாம். சர்வதேச அட்டை நிறுவனங்கள் பொதுவாக 120 நாள் அளவில் காலம் தருகின்றன. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது காரணத்துக்கேற்ப மாறும், ஆகவே தாமதிக்காமல் வங்கியைக் கேளுங்கள். வங்கியும் பார்ப்பது அதே விதியைத்தான். பணம் கட்டிய அன்று அந்தப் பக்கத்தைத் திகதியோடு படமெடுத்து வைத்தவர் வெல்வார்; பிறகு விதி மாற்றப்பட்டாலும் அவர் கையில் ஆதாரம் இருக்கும். விதியே திருப்பித் தருவதில்லை என்று சொன்னால் வங்கியிலும் கதவு மூடித்தான் இருக்கும்.

ஏற்பாட்டாளர் இலங்கையில் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மின்னஞ்சல் என்பதால் மட்டும் உங்கள் கடிதங்கள் செல்லாதவை ஆகிவிடா. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அவற்றை ஏற்கிறது. தொலைபேசியில் "தருவோம்" என்று சொன்னதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. அப்படி யாராவது சொன்னால், "இன்று தொலைபேசியில் நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.