ஒரே கம்பெனிக்கு இரண்டு லாபக் கணக்கா? ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

சென்னை மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் ஆரஸ் கார்ப்பரேட் சென்டர் என்ற கட்டிடம் இருக்கிறது. ராம்கோ சிமெண்ட்ஸ், ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கார்ப்பரேட் அலுவலகமும் இங்கேதான். ஒன்று சிமெண்ட் தயாரிக்கிறது. மற்றொன்று கூரைக்குப் போடும் ஃபைபர் சிமெண்ட் ஷீட், பருத்தி நூல் போன்றவற்றைத் தயாரிக்கிறது. இரண்டுமே பங்குச்சந்தையில் தனித்தனியாக வர்த்தகமாகின்றன.

ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் காலாண்டு முடிவை வெளியிடும்போது இரண்டு லாபத் தொகைகள் வரும். ஒன்று 'ஸ்டாண்ட்அலோன்', அதாவது தனி நிறுவனக் கணக்கு. இன்னொன்று 'கன்சாலிடேட்டட்', ஒருங்கிணைந்த கணக்கு. சில நேரம் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். "எது உண்மையான லாபம்?" என்று பங்கு வாங்குபவர்கள் குழம்புவது இங்கேதான்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ராம்கோ சிமெண்ட்ஸ் பங்குகளில் 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ராம்கோ இண்டஸ்ட்ரீஸிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் இல்லாததால் அது துணை நிறுவனம் ஆகாது. அதேசமயம், சும்மா நாலு ஷேர் வாங்கிப் போட்ட முதலீடும் இல்லை. முடிவுகளில் செல்வாக்கு செலுத்தும் அளவுக்குப் பங்கு இருந்தால், அதை 'அசோசியேட்' (இணை நிறுவனம்) என்கிறது இந்திய கணக்கியல் தரநிலை 28. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஒருங்கிணைந்த கணக்கில் 'ஈக்விட்டி முறை' என்ற வழியைப் பின்பற்ற வேண்டும்.

புரிவதற்காக எளிய எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை கம்பெனியின் உண்மையான எண்கள் அல்ல. பங்கு சரியாக 20 சதவீதம், ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகத்தில் இருக்கும் முதலீட்டு மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு சிமெண்ட் கம்பெனி 400 கோடி லாபம் பார்க்கிறது. அதில் 20 சதவீதம், அதாவது 80 கோடி, இண்டஸ்ட்ரீஸின் ஒருங்கிணைந்த லாபத்தில் சேரும். முதலீட்டு மதிப்பும் 1,080 கோடியாக ஏறும். கவனிக்க: இதுவரை ஒரு ரூபாய்கூட கைக்கு வரவில்லை.

பிறகு சிமெண்ட் கம்பெனி மொத்தம் 50 கோடி டிவிடெண்ட் கொடுக்கிறது. இண்டஸ்ட்ரீஸுக்கு 10 கோடி கிடைக்கும். இது நிஜமான பணம். ஆனால் ஒருங்கிணைந்த கணக்கில் இது வருமானம் ஆகாது! முதலீட்டு மதிப்பு 1,080 கோடியிலிருந்து 1,070 கோடியாகக் குறையும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? டிவிடெண்ட் என்பது லாபத்திலிருந்து வருவது. அந்த லாபத்தில் நம்ம பங்கை, சம்பாதித்த ஆண்டிலேயே எழுதிவிட்டோம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து கைக்கு வரும் இறுதி டிவிடெண்ட், பெரும்பாலும் போன நிதியாண்டு லாபத்தின் ஒரு பகுதி. அதை மறுபடியும் வருமானமாக எழுதினால், ஒரே லாபத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

தனி நிறுவனக் கணக்கில் கதை வேறு. அங்கே முதலீடு பொதுவாக வாங்கிய விலையிலேயே நிற்கும். 80 கோடி அங்கே எட்டிப் பார்க்காது. டிவிடெண்ட் 10 கோடிதான் வருமானம்.

எங்கே தப்பு நடக்கிறது?

அந்த டிவிடெண்டையும் சேர்த்து இண்டஸ்ட்ரீஸின் தனி லாபம் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த லாபம் 180 கோடி என்று பலர் கூட்டிவிடுவார்கள். முதலில் டிவிடெண்ட் 10 கோடியைக் கழித்து, பிறகு 80 கோடியைச் சேர்க்க வேண்டும். வரி போன்ற மற்ற மாற்றங்கள் இல்லையென்றால் சரியான விடை 170 கோடி.

இன்னொரு சிக்கல், ஷேர் 'சீப்'பாகத் தெரிவது. பி.இ. விகிதத்தை 170 கோடியை வைத்துப் போட்டால் பங்கு மலிவாகத் தோன்றும். ஆனால் அதில் 70 கோடி சிமெண்ட் கம்பெனியிடமே இருக்கிறது. அதை வெளியே எடுக்க இண்டஸ்ட்ரீஸ் தனியாக முடிவெடுக்க முடியாது. இண்டஸ்ட்ரீஸ் தன் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் அறிவிப்பதும் தனி நிறுவன லாபத்தை வைத்துத்தான்.

இதைச் சரிபார்க்க பணப்புழக்க அறிக்கை உதவும். அங்கே 80 கோடி லாபத்திலிருந்து கழிக்கப்பட்டிருக்கும். வந்த டிவிடெண்ட் 10 கோடி, முதலீட்டு நடவடிக்கைகள் பகுதியில் தனியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதிய லாபத்தில் எவ்வளவு பணமாக வந்தது என்பது தெரிந்துவிடும்.

20 சதவீதம் கட்டாயமா?

இல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் செல்வாக்கு இருப்பதைக் காட்டினால் அசோசியேட்தான். இயக்குநர் குழுவில் இடம் இருப்பது அதற்கு முக்கிய அடையாளம். இதே குழுமத்தின் ராஜபாளையம் மில்ஸிடம் ராம்கோ சிமெண்ட்ஸ் பங்கு 20 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் அதன் ஒருங்கிணைந்த கணக்கில் ராம்கோ சிமெண்ட்ஸ் அசோசியேட்டாகவே வருகிறது.

பங்குச்சந்தையில் ராம்கோ சிமெண்ட்ஸ் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு அன்றாடம் மாறாது. ஆனால் சிமெண்ட் விலை சரிந்து அந்தக் கம்பெனி நஷ்டப்பட்டால், அதில் 20 சதவீதம் இண்டஸ்ட்ரீஸின் லாபத்திலிருந்தும் போகும். அந்தக் காலாண்டில் கூரை ஷீட் நன்றாக விற்றிருந்தாலும் ஒருங்கிணைந்த லாபம் குறைவாகத்தான் தெரியும்.